2,480 ரூபாய் எப்போது வரும்?

“அன்பார்ந்த வாடிக்கையாளருக்கு, தங்களின் கட்டணம் தொடர்பாகத் தாங்கள் அளித்த புகார் எங்கள் கவனத்திற்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். எங்கள் குழு இதனை ஆய்வு செய்துவருகிறது. உரிய தொகை விரைவில் திருப்பி அளிக்கப்படும். தங்கள் பொறுமைக்கும் ஒத்துழைப்புக்கும் நன்றி.”

ஆன்லைனில் பொருள் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கடிதம் நன்றாகவே தெரியும். கடையின் பெயரும் தேதியும் மாறும், வாசகம் மாறாது. இலக்கணப் பிழை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் போய்விட்டதே என்று வயிற்றெரிச்சலோடு எழுதியவர் தெரிந்துகொள்ள நினைத்தது இரண்டே விஷயம்: எவ்வளவு வரும், என்றைக்கு வரும். கடிதத்தை மூன்று முறை படித்தாலும் இரண்டுக்கும் பதில் கிடைக்காது. ‘உரிய தொகை’ எவ்வளவு என்று கடைக்காரருக்குத்தான் தெரியும். ‘விரைவில்’ என்பது அவருக்கும் தெரியாது.

இப்படி ஒரு கடிதத்தைத் திருத்தி எழுதச் சொன்னால், பலரும் முதலில் வார்த்தையைத்தான் மாற்றப் பார்ப்பார்கள். ‘மனமார’ என்பதை ‘ஆழ்ந்த’ ஆக்குவார்கள், அல்லது இன்னும் இரண்டு மன்னிப்பு சேர்ப்பார்கள். உண்மையில் வேலை தொடங்க வேண்டிய இடம் பேமென்ட் கேட்வேயின் கணக்குத் திரை. பணம் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் தொகையும் எழுத முடியாது, தேதியும் எழுத முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கோவையில் சின்னதாக ஒரு புடவைக் கடை, ஆன்லைனிலும் விற்கிறார்கள். ஜூன் 6, வெள்ளிக்கிழமை இரவு 9.14க்கு ஒரு வாடிக்கையாளர் 2,480 ரூபாயை யுபிஐ மூலம் கட்டுகிறார். புடவை 2,400, கூரியர் 80. பின் நம்பரைப் போட்ட பிறகு திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கடையின் பக்கம் ‘தோல்வி’ என்கிறது. விட்டால் புடவை போய்விடும் என்று 9.17க்கு அவர் மறுபடி கட்டுகிறார். இந்த முறை பச்சை டிக் வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கணக்கைப் பார்க்கும்போதுதான் இரண்டு 2,480 போயிருப்பது கண்ணில் படுகிறது. மொத்தம் 4,960 ரூபாய். அன்றிரவே கடைக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்.

திங்கட்கிழமை காலை கடைக்காரர் கேட்வே திரையைத் திறந்தால், அங்கே மூன்று விதமான நிலைமைகளில் ஒன்று இருக்கும்.

முதலாவது, இரண்டு பணமும் வந்து சேர்ந்திருப்பது. 9.14க்குக் கட்டிய பணத்துக்கு வங்கியின் ஒப்புதல் தாமதமாக வந்திருக்கும். கடையின் பக்கம் அதற்காகக் காத்திருக்காமல் ‘தோல்வி’ என்று சொல்லிவிட்டிருக்கும். இப்போது பணம் கடையின் பொறுப்பில் இருக்கிறது. அதைத் திருப்பி அனுப்பும் பொத்தானைக் கடைக்காரர்தான் அழுத்த வேண்டும். (தாமதமாக ஒப்புதல் வந்த பணத்தைக் கடை ஏற்காவிட்டால் சில நாளில் தானாகத் திருப்பிவிடும் வசதி பல கேட்வேக்களில் உண்டு. அது தன் கடையில் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்த கடைக்காரர்கள் குறைவு.)

இரண்டாவது, 9.14 பணம் வாடிக்கையாளரின் வங்கியில் கழிந்திருக்கிறது, கடைக்கு வரவேயில்லை. நடுவழியில் நிற்கிறது. இதைக் கடைக்காரர் திருப்பித் தர முடியாது, அவர் கையில் அது இல்லை. இதற்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்டு, அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கை அது. கடைக்குக் கட்டிய யுபிஐ பணம் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி வராமல் போனால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. அவர் கேட்காமலே தர வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது.

மூன்றாவது, பெரும்பாலும் கார்டில் வருவது. பணம் எடுக்கப்படவில்லை, ஆனால் அவ்வளவு தொகை ‘பிடித்து’ வைக்கப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர் கண்ணுக்கு அது செலவு போலவே தெரியும். ஹோட்டலில் அறை எடுத்தவர்களுக்கு இது பழக்கம். இங்கே ரெஃபண்ட் என்று எதுவும் நடக்காது. பிடித்ததை விட்டுவிடுவார்கள், ஸ்டேட்மென்டில் அந்த வரி காணாமல் போகும். ‘ரெஃபண்ட் அனுப்பிவிட்டோம்’ என்று கடைக்காரர் எழுதினால், வாடிக்கையாளர் வராத ஒரு வரவை ஸ்டேட்மென்டில் தேடிக்கொண்டிருப்பார்.

மூன்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது. இரண்டாவது நிலைமையில் இருக்கும் வாடிக்கையாளரிடம் ‘நாங்கள் திருப்பி அனுப்புகிறோம்’ என்று கடை சொல்லிவிட்டால், வங்கி தர வேண்டிய பணத்துக்காக அவர் கடையைத் துரத்துவார். கடையோ இல்லாத பணத்தைத் தேடும். சில கடைகள் பதற்றத்தில் தங்கள் கைப்பணத்தை அனுப்பிவிட்டு, பிறகு வங்கியும் திருப்பிக் கொடுக்க, அந்தத் தொகையை இழந்து நிற்பதும் உண்டு.

2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாள்களில் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியபோது இந்தக் குழப்பம் கடைத்தெருவிலேயே தெரிந்தது. போனில் ‘பெண்டிங்’, சவுண்ட் பாக்ஸில் மௌனம், பின்னால் வரிசை. அந்த மாதிரி நேரத்தில் மறுபடி ஸ்கேன் செய்வது மனித இயல்பு.

நம் புடவைக் கடையில் நடந்தது முதல் வகை. இரண்டு பணமும் வந்திருக்கின்றன. ஜூன் 9, திங்கட்கிழமை காலை 11 மணிக்குக் கடைக்காரர் ரெஃபண்ட் போட்டுவிட்டார். இனி கடிதம்.

தொகையில் சறுக்குவது எளிது. கணக்கு எழுதுகிறவர் பில்லில் புடவை விலையைப் பார்த்து 2,400 என்று போட்டுவிடுவார். கூரியர் 80 ரூபாயும் இரண்டு முறை போயிருக்கிறது என்பது விட்டுப்போகும். கார்டில் கட்டியிருந்தால் இன்னொரு சபலம் வரும்: ரெஃபண்ட் கொடுத்தாலும் கேட்வே தன் கட்டணத்தைப் பெரும்பாலும் கடைக்குத் திருப்பித் தராது, அதனால் அதைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பலாமா என்று தோன்றும். கூடாது. வாடிக்கையாளர் கணக்கிலிருந்து ரூபாய் பைசாவோடு என்ன போனதோ அதுதான் திரும்ப வர வேண்டும். கடிதத்திலும் அந்த எண்ணே இருக்க வேண்டும். அவர் தன் வங்கிக் குறுஞ்செய்தியில் தேடப்போவது அந்த எண்ணைத்தான்.

தேதியில் இன்னும் நுணுக்கம் உண்டு. கேட்வேக்கள் வழக்கமாகச் சொல்வது 5 முதல் 7 வேலை நாள். கடைக்காரர்கள் இதை அப்படியே கடிதத்தில் ஒட்டிவிடுவார்கள். ‘7 நாள்’ என்று மட்டும் மனதில் வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளர் 9ஆம் தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணி, 16ஆம் தேதி காலையில் போன் செய்வார். ஆனால் ஜூன் 14 இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. 15 ஞாயிறு. 10, 11, 12, 13 ஆகிய நான்கு நாளும், பிறகு 16, 17, 18 ஆகிய மூன்று நாளும் சேர்ந்தால்தான் ஏழு வேலை நாள். கடைசி நாள் ஜூன் 18, புதன்கிழமை. இந்தக் கணக்கைப் போட வேண்டியவர் கடைக்காரர், வாடிக்கையாளர் அல்ல. யுபிஐ ரெஃபண்ட் பெரும்பாலும் இதற்கு முன்பே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் வாக்குக் கொடுக்கும் தேதி எல்லைத் தேதியாக இருப்பதே நல்லது.

ஏன் என்பதற்கு ஒரு பெரிய ஆய்வே இருக்கிறது. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜான் லிஸ்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஊபர் பயணிகள் 15 லட்சம் பேரை வைத்துச் செய்தது அது. வண்டி சேர்வதற்குத் தாமதமானவர்களுக்கு வெவ்வேறு விதமாக மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். சிலருக்கு வெறும் மன்னிப்பு, சிலருக்கு இனி இப்படி நடக்காது என்ற உறுதி, சிலருக்கு அதோடு 5 டாலர் கூப்பன். வெறும் வார்த்தைக்குப் பெரிய பலன் இல்லை. கையில் ஏதாவது வந்தவர்களே மீண்டும் அதிகம் பயணம் செய்தார்கள். எல்லாவற்றையும் விடக் கவனிக்க வேண்டியது, மன்னிப்புக் கேட்ட பிறகும் அடுத்தடுத்துத் தாமதம் நேர்ந்தால் மன்னிப்பே பாதகமாகத் திரும்பியது. மன்னிப்பு ஒரு வாக்கு. வாக்கு உடைந்தால், எதுவும் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்ற நிலைமை. ‘16ஆம் தேதி வந்துவிடும்’ என்று ஆசையில் எழுதி 18ஆம் தேதி பணம் வந்தால் அந்தக் கடைக்கு இதே கதிதான்.

கடிதத்தில் எதை முன்னால் வைப்பது, எதை விடுவது என்பதற்கு இன்னொரு ஆய்வு உதவும். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியின் குழு 2016இல் மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்து, எது எவ்வளவு எடுபடுகிறது என்று 755 பேரிடம் சோதித்தது. தவறு தங்களுடையது என்று ஒப்புக்கொள்வது முதலிடத்தில் வந்தது. சரிசெய்து தருவது அடுத்த இடம். ‘மன்னித்துவிடுங்கள்’ என்று கெஞ்சுவது கடைசி இடம். நம் அலுவலகக் கடிதங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன: வருத்தம் மூன்று வரி, ஒப்புதல் பூஜ்யம். ‘எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதும்போது, தவறு யாருக்குமே சொந்தமில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை மறுபடி எழுதினால் கிட்டத்தட்ட இப்படி வரும்:

“பொருள்: இரண்டு முறை எடுத்த ரூ.2,480 ஜூன் 18க்குள் உங்கள் கணக்குக்குத் திரும்பும்

வணக்கம். ஜூன் 6 இரவு நீங்கள் வாங்கிய புடவைக்கு இரண்டு முறை பணம் எடுத்துவிட்டோம்: 9.14க்கு ரூ.2,480, மறுபடி 9.17க்கு ரூ.2,480. முதல் பணத்துக்கு வங்கியின் உறுதி வருவதற்குள் எங்கள் தளம் ‘தோல்வி’ என்று காட்டிவிட்டது. தவறு எங்களுடையது. மன்னிக்கவும்.

கூடுதலாக எடுத்த ரூ.2,480 முழுவதையும் இன்று, ஜூன் 9 காலை 11 மணிக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம். நீங்கள் பணம் கட்டிய அதே வங்கிக் கணக்குக்கு வரும். முன்பே வர வாய்ப்பு உண்டு. கடைசித் தேதி ஜூன் 18, புதன்கிழமை. வங்கிக் குறிப்பு எண் எங்களுக்குக் கிடைத்ததும் அனுப்புகிறோம்.

உங்கள் புடவை ஆர்டரில் மாற்றமில்லை. நாளை கூரியரில் போகிறது.

இதற்காக நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ஓடிபி, யுபிஐ பின், கார்டு எண் எதையும் கேட்க மாட்டோம். லிங்க் எதுவும் அனுப்ப மாட்டோம்.

18ஆம் தேதி இரவுக்குள் பணம் வரவில்லை என்றால் இதே மின்னஞ்சலுக்குப் பதில் போடுங்கள். நாங்களும் 19 காலை சரிபார்த்து உங்களை அழைக்கிறோம்.”

கடிதத்தின் நீளம் கூடியிருக்கிறது, மன்னிப்பு ஒரு வார்த்தையாகக் குறைந்திருக்கிறது. தொகையும் தேதியும் பொருள் வரியிலேயே வந்துவிட்டதால், பேருந்தில் நின்றுகொண்டு போனில் பார்க்கிறவருக்குக் கடிதத்தைத் திறக்காமலே பாதி நிம்மதி கிடைத்துவிடும்.

இரண்டு பரிவர்த்தனைகளின் நேரத்தையும் குறிப்பிட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளர் தன் வங்கிச் செய்தியோடு ஒத்துப் பார்த்து, ‘ஆமாம், இவர்கள் என் கணக்கைத்தான் பார்த்திருக்கிறார்கள்’ என்று தெரிந்துகொள்ள அது ஒன்றே வழி. ‘ஆர்டரில் மாற்றமில்லை’ என்ற வரியைப் பலரும் மறந்துவிடுவார்கள். ரெஃபண்ட் என்றதும் புடவையும் கேன்சல் ஆகிவிட்டதோ என்று பயந்து மூன்றாவது முறை ஆர்டர் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஓடிபி வரி வெறும் சம்பிரதாயம் இல்லை. பணம் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி வருவது ஏமாற்றுக்காரர்களின் முதல் தரமான உத்தி. ‘ரெஃபண்ட் பெற இங்கே அழுத்தி பின் நம்பரைப் போடுங்கள்’ என்பார்கள். போட்டால் பணம் போகும், வராது. யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. இது தெரிந்த வாடிக்கையாளர், கணக்கு விவரம் கேட்கும் கடைக் கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நியாயமான கடை, பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில் திருப்பும். வங்கிக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் கேட்கும் தேவை இந்தக் கணக்கில் எழவே எழாது.

குறிப்பு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. யுபிஐ பரிவர்த்தனைக்கு ஆர்ஆர்என் என்று 12 இலக்க எண் இருக்கிறது, ரெஃபண்டுக்கும் தனியாக ஒன்று உருவாகும். கார்டு என்றால் ஏஆர்என். ரெஃபண்ட் போட்ட அடுத்த நிமிடமே இது திரையில் வந்துவிடாது. வங்கி வழியாகப் போன பிறகே வரும். அதனால்தான் மாதிரிக் கடிதம் ‘கிடைத்ததும் அனுப்புகிறோம்’ என்கிறது. கடையின் சொந்த ஆர்டர் எண்ணை வைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனால் அங்கே யாருக்கும் அது புரியாது. ஆர்ஆர்என்னைக் காட்டினால் கணினியில் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

கிரெடிட் கார்டில் கட்டியவருக்கு எழுதும்போது ஒரு வரி மாற வேண்டும். பணம் வங்கிக் கணக்குக்கு வராது, கார்டு கணக்கில் வரவாகும். இதைச் சொல்லாமல் விட்டால் அவர் சேமிப்புக் கணக்கைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். இடையில் பில் கட்டும் நாள் வந்துவிட்டால், வர வேண்டிய தொகையைத் தானே கழித்துக்கொண்டு குறைத்துக் கட்டி, வட்டியில் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

அடுத்த முறைக்கு 100 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன் தரலாமா? தரலாம், ஊபர் ஆய்வு அதற்குச் சாதகமாகவே பேசுகிறது. ஆனால் 2,480 கணக்கில் வந்து சேர்ந்த பிறகு தனியாக அனுப்ப வேண்டும். தன் சொந்தப் பணத்துக்காகக் காத்திருப்பவரிடம் அதே கடிதத்தில் ‘இன்னொரு புடவை வாங்குங்கள்’ என்றால் எரிச்சல்தான் மிஞ்சும். அதைவிட மோசம், ரெஃபண்டுக்குப் பதிலாகக் கடையின் ‘வாலட்டில்’ 2,480 போட்டுவைப்பது. வாடிக்கையாளர் வாலட் கேட்கவில்லை.

கடிதம் போன பிறகும் கடைக்கு இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. ஒன்று, ‘தோல்வி’ என்று காட்டும் முன் வங்கியின் இறுதிப் பதிலைக் கேட்டுப் பார்க்கும்படியும், அதுவரை ‘உறுதிக்காகக் காத்திருக்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்’ என்று சொல்லும்படியும் தளத்தை மாற்றுவது. அது நடக்கும்வரை இதே கடிதத்தை வேறு பெயர் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். மற்றொன்று, ஜூன் 18 மாலை கேட்வே திரையைத் திறந்து அந்த ரெஃபண்ட் முடிந்துவிட்டதா என்று பார்ப்பது. முடியவில்லை என்றால் வாடிக்கையாளர் எழுதும்வரை காத்திருக்காமல், காரணத்தையும் புதிய தேதியையும் சொல்லி அன்றிரவே இரண்டாவது மின்னஞ்சல் போக வேண்டும்.

இந்த மாதிரிக் கடிதம் கிடைக்கும் நிலையில் இருப்பவர்களுக்கும் ஒன்று: ‘விரைவில் திருப்பி அளிக்கப்படும்’ என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் ரெஃபண்ட் போட்டீர்கள், ஆர்ஆர்என் என்ன என்ற மூன்று கேள்வியை மட்டும் திருப்பி எழுதுங்கள். ரெஃபண்ட் உண்மையிலேயே போட்டிருந்தால் மூன்றுக்கும் கடையால் பதில் சொல்ல முடியும்.